ஒரே ஒரு சாக்பீஸ்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். திருப்பதியில் அலிபிரிப் பக்கமிருந்து புத்தூருக்கு பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ, பிறகு கொஞ்சம் நடை என்று காலையிலேயே பாதி உயிர் போன பிறகுதான் பள்ளிக்கூடத்துக்குள் நுழைவேன். ஆந்திர எல்லையோரத்துத் தமிழ் மீடியம் தொடக்கப் பள்ளி அது. மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில், மொத்தம் பதினேழு பிள்ளைகள். அந்தக் கோபத்தில் நான் செய்த ஒரு காரியத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

போன வருடம் மழையைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னேன். பதினாறு பேர் பாடப் புத்தகத்தில் இருந்ததை எழுதினார்கள். ஒரு பெண் மட்டும், ‘மழை வந்தா எங்க அம்மா வேலைக்குப் போகாது. எனக்கு ஜாலி’ என்று எழுதியிருந்தாள். அவள் அப்போது மூன்றாம் வகுப்பு. அவள் அம்மா வேர்க்கடலைக் காட்டுக்கும் மாந்தோப்புக்கும் கூலிக்குப் போகிறவர். நான் அதை எரிச்சலோடு எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துவிட்டுக் கேலியாகச் சிரித்தேன். வகுப்பே சிரித்தது. பெரிதாக ஒரு தப்புப் போட்டு, ‘பாடத்தில் உள்ளதை எழுது’ என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன்.

அதோடு சரி. அதற்குப் பிறகு அவள் சொந்தமாக ஒரு வரிகூட எழுதவில்லை. போர்டில் இருப்பதை முத்து முத்தாகப் பார்த்து எழுதுவாள். ‘நீயா எழுது’ என்றால் பென்சிலை வைத்துவிட்டு, “எனக்கு வராது டீச்சர்” என்பாள். ஒரு வருடம் அதே பதில். ஏன் வராது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான்தான் தெரியாத மாதிரி நடந்துகொண்டேன்.

சித்தூரில் இரண்டு நாள் ஆசிரியர் பயிற்சி என்று உத்தரவு வந்தது. சாப்பாடு நன்றாக இருக்கும் என்பதைத் தவிர எனக்கு அதில் எந்த எதிர்பார்ப்பும் இல்லை. பயிற்சி தந்த அம்மாள் எங்களையே பிள்ளைகளாக உட்காரவைத்துத் தெலுங்கில் பாட்டுக் கட்டச் சொன்னார். நரைத்த தலைகள் எல்லாம் வெட்கப்பட்டோம். அரை மணி நேரத்தில் ஒருவர் வரியை ஒருவர் பிடுங்கிக்கொண்டு கத்தினோம். திரும்பும் வழியெல்லாம் அந்தப் பெண்ணின் ஞாபகம்தான் வந்தது.

மறுநாளே வகுப்பிலும் பாட்டுக் கட்டுவதை ஆரம்பித்தேன், முதல் நாளே சொதப்பினேன். மாதிரிக்கு இருக்கட்டும் என்று போர்டில் இரண்டு வரி எழுதிக் காட்டி, “இதே மாதிரி நீங்களும் எழுதுங்க” என்றேன். பத்து நிமிடத்தில் பதினேழு நோட்டிலும் அதே இரண்டு வரி. ஒருவன் நான் கீழே போட்ட கோட்டைக்கூட ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தான். போர்டில் இருப்பதைப் பார்த்து எழுது என்று பழக்கியதே நான்தானே, யாரைத் திட்டுவது?

அதனால் சட்டத்தை மாற்றினேன். போர்டைத் துடைத்தாகிவிட்டது. இனி டீச்சர் சாக்பீஸைத் தொடக்கூடாது. நாலைந்து பேர் ஒரு குழு, குழுவுக்கு ஒரே ஒரு சாக்பீஸ், எழுத வேண்டியது சிமெண்ட் தரையில். முதலில் எழுத்தே கிடையாது, வாயால் சொல் பொறுக்குவதுதான். நான் ‘லட்டு’ என்பேன், அதே மாதிரி முடிகிற சொற்களை அவர்கள் சொல்ல வேண்டும்.

“தட்டு!”

“பட்டு!”

“செட்டு டீச்சர்!” என்றான் ஒருவன். தெலுங்கில் அது மரம். “தெலுங்கு சேத்துக்கலாமா?”

“சேத்துக்கலாம்.”

பிறகு அந்தச் சொல்லில் முடிகிற மாதிரி ஒரு வரி. கை தட்டிச் சொல்லிப் பார்த்து, தட்டுக்கு வரி உட்கார்ந்தால்தான் தரையில் எழுதலாம். ஒருவர் ஒரு வரி எழுதியதும் சாக்பீஸ் அடுத்தவர் கைக்குப் போக வேண்டும். அர்த்தமில்லாமல் இருந்தாலும் பரவாயில்லை. பாட்டு முடிகிறவரை எழுத்துப்பிழை பார்ப்பதில்லை. இந்தக் கடைசிச் சட்டத்தைக் காப்பாற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கை அரிக்கும், வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்.

‘எங்க ஊரு மாங்கா செட்டு, ஏறப் போனா எறும்பு கடிச்சா ஆளை விட்டு’ என்று முதல் பாட்டு வந்தது. அர்த்தம் கேட்காதீர்கள். கட்டுரை நோட்டைக் கண்டாலே வயிற்றுவலி வருகிற இரண்டு பையன்கள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, இதை மாற்று அதை மாற்று என்று சண்டை போட்டார்கள். வீட்டுக்குப் போகிற மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

அந்தப் பெண்ணோ சொல் எடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் திணறும்போது மெதுவாக, “கொட்டுன்னு வெச்சிக்கோ” என்பாள். ஆனால் சாக்பீஸ் அவள் கைக்கு வந்தால், சூடான பாத்திரத்தைக் கொடுப்பது போல அடுத்தவளிடம் கொடுத்துவிடுவாள். மூன்று வாரம் இப்படியே போனது. எனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது. அடுத்த வருடம் ஐந்தாம் வகுப்பு, அதன் பிறகு வேறு பள்ளிக்கூடம். என்னிடமிருந்து இந்தப் பூட்டோடு போய்விட்டால்?

நல்ல மழை பெய்த ஒரு நாள். தரை ஈரம் என்பதால் அன்று மட்டும் எல்லோரும் போர்டில் வரிசையாக ஆளுக்கொரு வரி எழுதினார்கள். தலைப்பு மழைதான், வேறென்ன?

‘மழை வந்துச்சு கொட்டு கொட்டு
குட்டை நெறைய தண்ணி முட்டு
துன்னப் போனா ஈரத் தட்டு’

அடுத்த வரி யாருக்கும் வரவில்லை. ஒருத்தி திரும்பி, “டீச்சர், நீங்க மட்டும் எழுதாம வேடிக்க பாத்துக்கினு இருக்கீங்க. நீங்க வாங்க” என்றாள். மற்றவர்களும் கத்தத் தொடங்கினார்கள். சட்டம் இருக்கிறதே என்றேன். “இன்னிக்கு மட்டும்!” என்றார்கள்.

போர்டு முன்னால் நின்றேன். முப்பத்து நாலு கண் முதுகில். ஒரு சொல்லும் வரவில்லை. கை தானாகப் பல வருடப் பழக்கத்தில் ஓடியது.

‘மழை நமக்கு நன்மை தரும்.’

வகுப்பு சிரித்தது. “இது புக்குல இருக்குது டீச்சர்!” “ரைமே வரல!” என்று பெஞ்சைத் தட்டினார்கள். முகம் சூடாகிவிட்டது. கோபம் இல்லை, வெட்கம். போன வருடம் ஒரு குழந்தைக்கு என்ன ஆனது என்று அந்தப் போர்டு முன்னால்தான் எனக்குப் புரிந்தது.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. என்னையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்தாள். உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தாள், தொடையில் மெல்லத் தட்டிப் பார்த்தாள். எழுந்து வந்து என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டு, என் வரிக்குக் கீழே எழுதினாள்.

‘அம்மா கைக்கு லீவு வரும்.’

யாரோ இரண்டு வரியையும் சேர்த்துக் கை தட்டிப் படித்தார்கள். மழை நமக்கு நன்மை தரும், அம்மா கைக்கு லீவு வரும். தட்டுக்குச் சரியாக உட்கார்ந்தது. என் செத்த வரிக்கும் அவள் உயிர் கொடுத்துவிட்டாள். எல்லோரும் மறுபடி மறுபடி பாடினார்கள்.

அவள் என் பக்கத்திலேயே நின்றாள். “தப்பு போடுவீங்களா டீச்சர்?”

“போடமாட்டேன்மா” என்றேன். “போன வருஷம் நீ எழுதனதுக்கும் போட்டிருக்கக் கூடாது. நான் சிரிச்சது தப்பு.”

இதை எல்லோர் முன்னாலும் சொன்னேன். எல்லோர் முன்னால்தானே சிரித்தேன்.

அவள் சாக்பீஸைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். பின்வரிசைப் பையன் ஒருவன் அதற்குள் கை நீட்டிவிட்டான்.

“இருடா, தரமாட்டேன்” என்றாள். “எனக்கு இன்னொரு லைன் வருது.”