ராஜாவின் பாதி வெளுத்த அங்கி

அறுபதுகளில் பம்பாய் மாட்டுங்காவில் நாங்கள் போட்ட நாடகத்தில் எனக்கு ராஜா வேஷம். வசனம் குறைவு என்பதால் துணிந்து கொடுத்திருந்தார்கள். சிவப்பு வெல்வெட் வாங்கி, தாராவியில் தையல்கடை வைத்திருந்த பால்ய நண்பனிடம் அங்கி தைக்கக் கொடுத்தேன்.

மேடை விளக்கில் அங்கியின் வலப்பாதி ரத்தச் சிவப்பாகவும் இடப்பாதி வெளுத்தும் தெரிந்தது.

"ராஜா ஒருக்களிச்சு வெயில்ல படுத்துட்டாரா?" என்றார் முன்வரிசை மாமா ஒருவர். சபை சிரித்தது. அது சோக நாடகம்.

மறுநாள் துணிக்கடைக்காரரிடம், இரண்டு சாயத் துணியைத் தலையில் கட்டிவிட்டதாகச் சண்டை போட்டேன். கூட வந்த தையல்கடை நண்பன், "விடாதல, நல்லாக் கேளு" என்று ஏற்றிவிட்டான்.

கடைக்காரர் அங்கியை மேலிருந்து கீழே தடவினார். வெளுத்த பாதியில் கை வழுக்கியது. மற்றதில் ரோமம் எதிர்த்து நின்றது. வெளுத்த பாதியைத் தலைகீழாகப் பிடித்தார். அதுவும் ரத்தச் சிவப்பானது.

"உல்டா காட்டா ஹை, சாப்" என்றார். ஒரு பாதியைத் தலைகீழாக வெட்டியிருக்கிறதாம்.

நண்பன் தரையைப் பார்த்தான். "திருப்பிப் போட்டு வெட்டுனா ஒரு கெஜம் மிஞ்சும்ல" என்றான்.

நாடகத்தில் மந்திரி போட்டிருந்த சிவப்பு வெல்வெட் அரைக்கோட்டும் அவன் தைத்ததுதான். அதை நான் மனதாரப் புகழ்ந்திருந்தேன்.