தகுதியில்லாத வேப்பந்தட்டை

என் வேப்பந்தட்டைக் கிளினிக்கை மூடச் சொன்னது, போன் கணக்கைக் காட்டும் ஒரு வண்ணப்படம். அதில் பெரம்பலூருக்குப் பச்சைக் கம்பம், வேப்பந்தட்டைக்குச் சிவப்புக் கம்பம். சிவப்பைப் பார்த்தால் என் கணவருக்கு எதையாவது நிறுத்தியே ஆக வேண்டும்.

நான் பல் மருத்துவர். எங்கள் பெரிய கிளினிக் பெரம்பலூரில் இருக்கிறது. வேப்பந்தட்டையில் வாரம் இரண்டு சாயங்காலம் மட்டும் ஒரு வாடகை அறையில் உட்காருவேன். பெரம்பலூரில் நிர்வாகம் முழுக்கக் கணவர் கையில். ஏசி எத்தனையில் ஓட வேண்டும், நான் எப்போது சாப்பிட வேண்டும் எல்லாம் அவர் சொல்வார். வேப்பந்தட்டையில் நான் வைத்ததுதான் சட்டம். அந்த அறையை நான் எவ்வளவு நேசித்தேன் என்பது, அதை மூடலாம் என்று அவர் சொன்ன நிமிஷத்தில்தான் எனக்கே தெரிந்தது.

வண்ணப்படத்தைக் கொண்டுவந்தவன் அவருடைய அக்கா மகன். திருச்சியில் விளம்பரக் கம்பெனி ஒன்றில் வேலை. கிளினிக்குக்கு வரும் போன்களை அளந்து தருகிறேன் என்று மடிக்கணினியோடு வந்து இறங்கினான். அவன் ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொரு ஊர் விளம்பரத்துக்கும் தனித்தனி நம்பர்; அதற்கு டிராக்கிங் நம்பர் என்று பெயர். எந்த நம்பருக்குப் போட்டாலும் மணி அடிப்பது பெரம்பலூர் ரிசப்ஷனில்தான். ஆனால் எந்த நம்பர் வழியாக வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, எடுத்தார்களா, எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பதெல்லாம் பதிவாகிவிடும். பேச்சும் பதிவாகும்.

"ஒன்றரை நிமிஷத்துக்கு மேல பேசினா அது தகுதியான கால், அத்தை. அவங்கதான் ட்ரீட்மெண்டுக்கு வருவாங்க."

"பல்வலிக்காரன் ஒன்றரை நிமிஷம் பேசுவானா தம்பி? வாயத் தொறக்க முடியாமத்தான போன் பண்றான்?"

"இது இண்டஸ்ட்ரி ஸ்டாண்டர்ட் அத்தை."

பெரம்பலூருக்கு வந்த போன்களில் பாதிக்கு மேல் தகுதியானவை. வேப்பந்தட்டையில் தகுதி ஏறக்குறைய பூஜ்யம். முக்கால்வாசி மிஸ்டு கால். அங்கே என் நாற்காலி காலியாக இருந்ததே இல்லை என்றேன். "அது வாக்-இன் அத்தை, போன் பண்ணாம நேரா வர்றவங்க, கணக்குல வராது" என்றான். நான் பிடுங்கிய பற்களெல்லாம் தாமாக நடந்து வந்தவை போலிருக்கிறது.

என் முகம் போன போக்கைப் பார்த்து, தகுதியான கால் எப்படி இருக்கும் என்று போட்டுக் காட்டுகிறேன் என்றான். பெரம்பலூர்ப் பட்டியலைப் பேசிய நேரப்படி அடுக்கி, எல்லாவற்றுக்கும் மேலே நின்ற பதினோரு நிமிஷ அழைப்பைத் தட்டினான். என் கணவர் வங்கி மேனேஜர் முன்னால் உட்காருவதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, என் தம்பி இருக்கானா? செல்லுல கூப்புட்டா எடுக்கமாட்டேங்குறான்."

உடையார்பாளையத்திலிருந்து என் நாத்தனார். அதாவது அவனைப் பெற்றவள்.

"சார் வெளில போயிருக்காங்கம்மா" என்றது ரிசப்ஷன் பெண்ணின் குரல்.

"சரி, நீயாவது கேளு. என் புள்ளைக்கு எத்தன ஜாதகம் கொண்டாந்துட்டேன்! ஒன்னத்தையும் பாக்கமாட்டேங்குறான். ஊருல உள்ளவுங்க போனையெல்லாம் எண்ணிக்கிட்டுத் திரியுறான். பெத்தவ போனப் போட்டா எடுக்க நேரமில்லையாம்..."

அவன் பாய்ந்து நிறுத்தினான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தம்பி, இன்னும் பத்து நிமிஷம் தகுதி பாக்கி இருக்கு. ஓட விடு" என்றேன்.

காது சிவந்தாலும் அவன் விடவில்லை. "ஒரு கால் தப்பா வரலாம் அத்தை. மிஸ்டு கால் பொய் சொல்லாது." மணிவாரிக் கணக்கைத் திறந்தான். பெரம்பலூரில் தவறியவை எல்லாம் மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை. அந்தப் பெண் சாப்பிடப் போகும் நேரம். அப்போது இன்னொருவரை உட்கார வையுங்கள் என்றான். அது நியாயமான யோசனை, ஒப்புக்கொள்கிறேன். வேப்பந்தட்டையில் தவறியவை காலை ஆறிலிருந்து எட்டுக்குள் அதிகம். ஆனால் அதோடு நிற்கவில்லை. அந்தப் பெண் சும்மா உட்கார்ந்திருக்கும் பதினோரு மணிக்கும் தவறின, நாலு மணிக்கும் தவறின.

"ஆள் இருக்கும்போதும் ஏன் தவறுது?"

"ஒரே ரிங்குல கட் பண்ணிடறாங்க. அந்த ஏரியா ஆளுங்களுக்குப் பொறுமை இல்ல அத்தை."

வேப்பந்தட்டைக்காரர்களுக்குப் பொறுமை இல்லையாம். வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கு! எழுந்து போய்விட்டேன். மாதக் கடைசியோடு மூடிவிடலாம் என்று கணவர் பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது.

அடுத்த முறை வேப்பந்தட்டைக்குப் போனபோது, கடைவாய்ப் பல் வலியோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். சின்ன வெங்காயம் அறுவடைக்கு நடுவில் வந்திருந்தார்.

"எப்படிம்மா நேரம் வாங்குனீங்க?"

"காலைல பஸ்ஸுக்கு நின்னேன், மிஸ்டு கால் குடுத்தேன். ஒம்பது மணிக்கு மேல அந்தப் பொண்ணு கூப்புட்டு, சாயங்காலம் வாங்கன்னுச்சு."

"எடுக்கறதுக்குள்ள ஏன் கட் பண்ணீங்க?"

எனக்குத்தான் பைத்தியம் என்பதுபோல் பார்த்தார். "நீங்கதானே டாக்டரம்மா செவுத்துல அப்படிப் போட்டுருக்கீங்க?"

மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, அது வேலை செய்யும் வரை இருங்கள் என்று சொல்லி, கையுறையைக் கழற்றிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ச் சுவருக்கு ஓடினேன். என் பெயர், பளபளப்பான பல் ஒன்று, புதிதாக எழுதிய டிராக்கிங் நம்பர். அதற்குக் கீழே வெயிலில் வெளுத்த பழைய எழுத்தில்: "மிஸ்டு கால் கொடுத்தால் போதும். நாங்களே அழைக்கிறோம்."

அது கிளினிக் திறந்த புதிதில் என் கணவர் யோசித்து யோசித்து எழுதிய வாசகம். டிராக்கிங் வந்தபோது நம்பரை மட்டும் மாற்றச் சொல்லி பெயிண்டரை அனுப்பியவரும் அவரேதான். பெயிண்டர் நம்பரை மட்டும் மாற்றியிருந்தார். ஜனங்களும் சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள். குற்றவாளியானது என் அறை.

அங்கே நின்றே ரிசப்ஷன் பெண்ணைக் கூப்பிட்டேன். "ஆமா மேடம், மிஸ்டு கால் நம்பருங்களுக்கெல்லாம் என் செல்லுலேருந்துதான் பேசுறேன். கிளினிக் போன் எப்பவும் ஃப்ரீயா இருக்கணும்னு சார் சொல்லியிருக்காங்கல்ல?" அவள் செல்லில் பேசியது எதுவும் டிராக்கிங்கில் ஏறவில்லை. மிஸ்டு கால் மட்டும் ஏறியது.

அடுத்துக் கணவரைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"வாசகம் நல்லாத்தான வேலை செஞ்சிருக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மருமகனை மறுபடி வரவழைத்தோம். திருப்பிக் கூப்பிடுவதையும் டிராக்கிங் நம்பர் வழியாகவே செய்யும்படி மாற்றினான். மிஸ்டு காலோடு அந்தப் பேச்சும் சேர்ந்து பதிவாகும். நிமிஷத்தை வைத்துத் தகுதி பார்ப்பதை விட்டுவிட்டு, நேரம் வாங்கினார்களா என்று பதிவான பேச்சைக் கேட்டுக் குறிக்க ஒப்புக்கொண்டான். ரிசப்ஷன் பெண்ணின் செல்லில் இருந்ததை வைத்துப் போன வாரக் கணக்கைத் திருத்தினான். வேப்பந்தட்டைக் கம்பம் பெரம்பலூரைத் தாண்டிப் பச்சையாக நின்றது. வெட்கம்கெட்டு எனக்குக் கண் கலங்கியது. கணவர், தாமே அந்தக் கிளினிக்கைத் திறந்ததுபோல் மீசையைத் தடவிக்கொண்டார்.

அப்போது மேஜைமேல் மருமகனின் செல் அதிர்ந்தது. திரையில் "அம்மா". அவன் அதை மெல்லக் கவிழ்த்து வைத்தான்.

"தம்பி, ஒரு மிஸ்டு கால். எத்தன மணின்னு குறிச்சுக்க" என்றேன். "ஆளு சும்மா உக்காந்திருக்கும்போது தவறுனது."

அவன் செல்லை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். பேச்சு ஒன்றரை நிமிஷத்துக்கு மேலாயிற்று.