கல்பனாவுக்கு வெள்ளிக்கிழமை இல்லை

வாரத்துக்கு ஏழு நாள் என்று காலண்டரில்தான் போட்டிருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்களைக் கேட்டால் தெரியும், கம்பெனி எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவதுதான் நாள். கல்பனாவுக்கு மிஞ்சியது மூன்று விடியற்காலை. அதிலும் ஒன்று இருக்கும் என்பார்கள், இருக்காது.

கார் பாகம் செய்யும் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் அவள் கான்ட்ராக்ட். முப்பத்திரண்டு வயது. புருஷன் அன்புசெல்வன் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவன். வந்தால் தூங்குவான், எழுந்தால் போய்விடுவான். பிள்ளையைப் பார்த்துக்கொள்வது மாமியார் குணசுந்தரி. கான்ட்ராக்ட் என்றால் என்ன? இந்த வருஷம் சோறு, அடுத்த வருஷம் அவர்கள் வாய் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்தக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பிரிவுக்கு நிரந்தர ஆள் எடுத்தார்கள். பெண்களும் வரலாம். ஆனால் ஒரு சோதனை. இருபது கிலோ எடையுள்ள பச்சை பிளாஸ்டிக் கிரேட்டைத் தரையிலிருந்து எடுத்துத் தோள் உயர ரேக்கில் வைக்க வேண்டும், பிறகு இறக்க வேண்டும். இப்படிப் பன்னிரண்டு தடவை. முதுகு வளையக் கூடாது, முட்டியை மடக்கித்தான் எடுக்க வேண்டும். பக்கத்தில் பாதுகாப்பு அதிகாரி நிற்பார்.

கல்பனா போனாள். ஏழாவது தடவையிலேயே தொடை நடுங்கியது. முட்டியை மடக்க முடியாமல் முதுகை வளைத்தாள். அதிகாரி கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "பொங்கலுக்கு அப்புறம் இன்னொரு சான்ஸ் தர்றோம்மா. அதோட லிஸ்ட்ட மூடிடுவோம்" என்றார்.

அந்தப் பொங்கலுக்காகத்தான் அவள் ஜிம்முக்குப் போனாள்.

ஜிம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டேஷனுக்குப் பின்னால், ஷட்டர் போட்ட ஒரு நீளக் கூடம். நடத்துகிறவர் ஜெரால்ட் மாஸ்டர். ஒரு காலத்தில் ஆணழகன் போட்டியில் கோப்பை வாங்கியவர். கோப்பை இன்னும் குளிர்சாதனப் பெட்டி மேல்தான் இருக்கிறது. பெண்களுக்கு என்று திங்கள், புதன், வெள்ளி விடியற்காலையில் மட்டும் திறப்பார். இடம் சின்னது, அதனால் நாளுக்கு ஒரு சாமான். திங்களன்று பெஞ்சை நடுவில் போடுவார்: தள்ளுகிற வேலை, நெஞ்சு, தோள், கையின் பின்பக்கம். புதனன்று கப்பிக் கயிறு: இழுக்கிற வேலை, முதுகு, கையின் முன்பக்கம். வெள்ளியன்று எடைத்தட்டு மாட்டும் பெரிய கம்பியும் அதன் தாங்கியும்: கால். புஷ், புல், லெக்ஸ். ஆண்களுக்கும் அதே வரிசைதான்.

"ஊருக்கே திங்கக்கெழமன்னா செஸ்ட்டும்மா. உனக்குன்னு தனியா நாள் செய்ய முடியுமா?" என்பார்.

கல்பனாவும் ஸ்நேகாவும் ஒரே வாரத்தில் சேர்ந்தார்கள். ஸ்நேகா அதே கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவு. பகல் ஷிப்ட் மட்டும். சின்னப் பெண், வாய் நீளம். அவளும் ஸ்டோர்ஸுக்குத்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். ஸ்டோர்ஸில் இடம் ஐந்து, அதனால் இருவருக்கும் சண்டை இல்லை.

திங்கள் நடந்தது. புதன் நடந்தது. வியாழக்கிழமை சாயந்திரம் சூப்பர்வைசர் பரசுராமன் போனில் செய்தி போட்டார்: "நாளைக்கு கன்டெய்னர் லோடிங். பேக்கிங் ஆளுங்க எல்லாரும் அஞ்சு மணி பஸ்."

கப்பல் சனிக்கிழமை கிளம்பினால் வெள்ளிக்கிழமை பெட்டி போயாக வேண்டும். அடுத்த வெள்ளியும் அப்படித்தான். அதற்கடுத்ததும். கம்பெனி பஸ் ஜிம் வாசலைத் தாண்டித்தான் போகும். ஷட்டர் பாதி ஏறியிருக்கும். உள்ளே கம்பியைத் தோளில் வைத்து ஸ்நேகா உட்கார்ந்து எழுவது தெரியும். கல்பனா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். பஸ்ஸை நிறுத்தச் சொல்ல முடியுமா? சொன்னால் பரசுராமன் அவள் இடத்தில் வேறு ஆளை நிறுத்துவார்.

ஐந்து வாரத்தில் அவளுக்குக் கையும் தோளும் வந்தது. கால் மட்டும் அன்று நடுங்கிய அதே கால்.

"மாஸ்டர், நான் கால திங்கக்கெழம பண்ணிக்கிறேன். வெள்ளிக்கெழம என்னால முடில" என்றாள்.

ஜெரால்ட் முனகினார். "சரி, ஓரமா பண்ணு. கம்பிய எடுக்காத, டம்பெல்தான்."

திங்கள் கால் என்று ஆனது. புதன் தள்ளுகிறது. அப்போது இழுக்கிறது வெள்ளிக்குப் போனது. போன இடத்திலேயே செத்தது. மாதம் ஒன்று கழித்து, வேலையில் கிரேட்டைத் தூக்கும்போது தொடை நின்றது, இழுத்துப் பழகாத விரல் நிற்கவில்லை. கிரேட் நழுவி, கால் விரலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. நல்ல வேளை.

அன்று பஸ்ஸில் வரும்போது அவளுக்கு விளங்கியது, வெள்ளிக்கிழமைக்கு எதைக் கொண்டுபோய் வைத்தாலும் அது போய்விடும். கையா, காலா, முதுகா, எதைக் கொடுப்பது என்று மட்டும் அவள் தேர்ந்தெடுக்கலாம். அது ஒரு தேர்வா?

வீட்டில் அன்று தண்ணீர் வந்திருந்தது. தெருக் குழாயில் வாரம் மூன்று நாள் விடுவார்கள், சில நாள் விடாமலும் போவார்கள். குணசுந்தரி குடிக்கிற குடத்தில் கொஞ்சம், குளிக்கிற டிரம்மில் கொஞ்சம், பாத்திரம் கழுவுகிற வாளியில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அத்தே, டிரம்ம ரொப்பிட்டு அப்புறம் கொடத்த வெக்கிறதுதானே?"

"நல்லா கேட்ட போ. டிரம்மு ரொம்பறதுக்குள்ள தண்ணி நின்னா? நாளைக்கு கொடத்துக்கு வரும்னு உங்கொப்பனா எழுதிக் குடுத்தான்? வர்ற அன்னிக்கு எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கணும்டி. போய் அந்த வாளிய எடு."

கல்பனா வாளியை எடுக்காமல் நின்றாள். மாமியார் திட்டியது காதில் விழவில்லை.

திங்களன்று ஜிம்மின் மூலையில் போய் நின்றாள். காலும் செய்தாள், தள்ளுவதும் செய்தாள், இழுப்பதும் செய்தாள். மூன்று நாள் வேலை முழுவதையும் ஒரு நாளில் செய்தாள். அங்கேதான் பைத்தியக்காரத்தனம். செவ்வாய்க்கிழமை பஸ் படி ஏற முடியவில்லை, கக்கூஸில் உட்கார முடியவில்லை, பிள்ளைக்குத் தலைவாரக் கை தூக்க முடியவில்லை. புதனும் ஜிம்முக்கு முழுக்கு. ஆக அந்த வாரம் மூன்று நாளும் ஒன்றாகிப்போனது.

"இன்னாக்கா, நொண்டிக்கினு வர? கம்பெனிதான் உன்ன புழியுதுன்னா நீயே வேற புழிஞ்சிக்கிறியா?" என்று கம்பெனி வாசலில் ஸ்நேகா சிரித்தாள்.

அடுத்த திங்களன்று ஜெரால்ட் விடுவாரா? "இதுக்குத்தான் சொன்னேன். ஒரு நாளைக்கு ஒரு பாகம். அதுக்கு வாரம் பூரா ரெஸ்ட்டு. நான் இருவது வருசமா இப்டித்தான் வளத்தேன்."

"நீங்க வாரத்துல ஆறு நாள் வந்தீங்க மாஸ்டர். ஒவ்வொண்ணும் ரெண்டு தரம் சுத்தி வந்திச்சி. எனக்கு ஒரு தரமே வரலியே."

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஸ்நேகாவும் மூணு நாள்தான் வர்றா. அவளுக்கு வளரலியா? இந்தா பாரு, தொட எப்டி நிக்கிது."

"ஐயோ மாஸ்டர், என் தொடய ஏன் இழுக்கிறீங்க" என்றாள் ஸ்நேகா.

கல்பனா சொன்னாள்: "அவளுக்கு வளந்திச்சி. நான் இல்லன்னு சொல்லல. அவளுக்கு வெள்ளிக்கெழம இருக்குது. எனக்கு இல்ல."

ஜெரால்ட் பெஞ்சை இழுத்துச் சத்தமாகப் போட்டார். ஆனால் போடும்போது சுவரை விட்டு இரண்டு தரைக்கல் தள்ளிப் போட்டார். அந்த இரண்டு கல் இடம்தான் கல்பனாவுக்குக் கிடைத்தது.

அதற்குப் பிறகு அவள் அளவோடு செய்தாள். கால் வேலையில் ஒன்று: டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆழமாக உட்கார்ந்து எழுவது. உடம்பு களைக்கும் முன் முதலில் அதுதான். தள்ளுவதில் ஒன்று: தோளிலிருந்து தலைக்கு மேல். இழுப்பதில் ஒன்று: குனிந்து ஒரு கையால் டம்பெல்லை இடுப்புக்கு. ஒவ்வொன்றும் மூன்று சுற்று. இன்னும் இரண்டு முறை தூக்கலாம் என்று தோன்றும்போதே கீழே வைத்துவிடுவாள். திங்கள் கனமான டம்பெல், புதன் கொஞ்சம் லேசானது. கனம் எளிதாகிவிட்டால் அடுத்த வாரம் அதற்கு மேல் ஒன்று. வெள்ளிக்கிழமை கிடைத்தால் கிடைக்கட்டும். கிடைக்காவிட்டால் ஒரு நாள்தான் போகும், ஒரு கால் போகாது.

மழை வந்தது, தெருவில் முட்டியளவு தண்ணீர் நின்றது, போனது. தை பிறந்தது. டம்பெல் கனம் ஏறிக்கொண்டே வந்தது. ஆனால் அவளுடைய உலகம் ஒரு விரலும் அகலவில்லை. அதே பஸ், அதே ஜன்னல் கம்பி, அதே இரண்டு கல்.

சோதனை வாரம் பாருங்கள், திங்கள் மட்டும்தான் கிடைத்தது. புதனும் லோடிங், வெள்ளியும் லோடிங். சனிக்கிழமை காலையில் வரச் சொன்னார்கள். முன்பு என்றால் கதறியிருப்பாள். இப்போது எல்லாப் பாத்திரத்திலும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது.

ஸ்நேகா முதலில் போனாள். பன்னிரண்டையும் முடித்து, அதிகாரிக்கு ஒரு கும்பிடு போட்டாள். பிறகு கல்பனா. முட்டியை மடக்கி உட்கார்ந்தாள், பிடித்தாள், எழுந்தாள், தள்ளினாள். எழுவது கால், பிடித்து அணைப்பது முதுகு, ரேக்கில் ஏற்றுவது தோள். ஒரு கிரேட்டுக்குள் திங்களும் புதனும் வெள்ளியும் சேர்ந்தே கிடந்தன. அதைப் போய் மூன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தோமே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஏழாவதில் தொடை எரிந்தது, நடுங்கவில்லை. பத்தாவதில் விரல் வலித்தது, விடவில்லை. பன்னிரண்டாவதை இறக்கி வைத்தபோதும் முதுகு நேராகத்தான் இருந்தது.

"போம்மா, ஓக்கே" என்றார் அதிகாரி. அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

நிரந்தர உத்தரவு வந்தது. வீட்டில் குணசுந்தரி கற்பூரம் கொளுத்தினாள். ஆனால் உத்தரவு என்றால் சும்மா வருமா? ஸ்டோர்ஸில்தான் கன்டெய்னர் கணக்கே முடிகிறது. பேக்கிங்கிலாவது எப்போதாவது வெள்ளி கிடைக்கும். ஸ்டோர்ஸுக்கு அதுவும் கிடையாது.

அடுத்த திங்கள் விடியற்காலை அவள் ஜிம்முக்கு வந்தாள். ஜெரால்ட் பெஞ்சைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பர்மனென்ட் அம்மா வந்துட்டாங்கடா! இன்னிக்கி இன்னா, புஷ்ஷா, லெக்ஸா?"

"எல்லாம்தான் மாஸ்டர்."

"எங்கன்னா போயி முட்டிக்கோ" என்று சொல்லிக்கொண்டே பெஞ்சை இன்னும் ஒரு கல் தள்ளினார்.

அவள் மூலையில் போய் நின்றதும் போன் அதிர்ந்தது. பரசுராமன் இல்லை, இப்போது வேறு சூப்பர்வைசர், செய்தி அதேதான். இந்த வாரத்திலிருந்து புதனும் லோடிங், அஞ்சு மணி பஸ்.

வாசலில் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. வெளியே யாரையோ ஏற்றிக்கொண்டு ஒரு கம்பெனி பஸ் போனது. கல்பனா போனைக் கவிழ்த்து வைத்தாள். டம்பெல்லை எடுத்து நெஞ்சோடு அணைத்தாள்.

அன்றைக்கு ஒவ்வொன்றிலும் புதனுக்கும் சேர்த்து ஒரு சுற்று கூடுதலாகச் செய்தாள்.