மேட்டுத்தெருக் குழாயில் விருந்தாளித் தண்ணீர்

ஓவர்சியர் ஈஸ்வரமூர்த்தி நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஓரத்தில் ஒட்டிக்கொள்வார். டீயில் பாதியைக் குடித்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போவார். திரும்பி வரும்போது மீதி டீ ஆறியிருக்கும். அதற்கும் டீக்கடைக்காரரைத்தான் திட்டுவார்.

கிராமங்களுக்குக் குடிநீர் வசதி செய்துகொடுக்கும் ஒரு சங்கத்தில் அவர் ஓவர்சியர், நான் டைப்பிஸ்ட். பாலக்காட்டில் ஆபீஸ். கிணறு வெட்டுவது, குழாய் பதிப்பது, தொட்டி கட்டுவது என்றால் அவருக்கு உயிர். வேலை முடியும் கட்டத்தில் மட்டும் கால் தரிக்காது. அடுத்த ஊருக்கு ஓடிவிடுவார். கணக்கு ஒப்பிப்பதும் ரிப்போர்ட் எழுதுவதும் வேறு யார் தலையிலாவது விழும். எழுபத்தேழாம் வருஷம் கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே ஒரு ஊர்த் திட்டத்தை முடிக்கும்போது, செயலாளர் அமிர்தநாதன் அவரைப் பிடித்து நிறுத்தினார்.

"இந்தத் தடவை நீர்தான் முடிச்சுக் கொடுக்கணும், கேட்டீரா? கடைசி ரிப்போர்ட்டு, ஊர்க் கூட்டம், பஞ்சாயத்துக்கு ஒப்படைப்பு, எல்லாம். வண்டிப்பெரியார் வேலை ஒண்ணாந்தேதி ஆரம்பம். இதை முடிச்சாத்தான் உம்மை அங்க அனுப்புவேன்."

அமிர்தநாதனுக்குப் பூர்வீகம் மூணாறு எஸ்டேட். கோபம் வந்தால்தான் 'நீர்' என்பார். ஈஸ்வரமூர்த்திக்கோ வண்டிப்பெரியார் என்றால் கொள்ளை ஆசை. மலைச்சரிவில் ஊற்றைக் கட்டி, மோட்டாரே இல்லாமல் தண்ணீரைக் கீழே இறக்கும் வேலை அது. ஒரு வருஷமாக அதைப் பற்றித்தான் பேச்சு.

அதனால் மனுஷர் வேகமாகத்தான் ஆரம்பித்தார். ஒப்படைப்புப் பட்டியலை அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். மோட்டாரும் ஸ்டார்ட்டரும் ஓடுகின்றனவா, மின்சார இணைப்பு பஞ்சாயத்துப் பேருக்கு மாறியதா, பூமிக்குள் குழாய் போகும் வழி வரைபடத்தில் சரியாக இருக்கிறதா, தொட்டி கழுவி மருந்து போட்டாயிற்றா, மோட்டார் ஆள் பழனிச்சாமிக்குப் பழக்கிக் கொடுத்தாயிற்றா, மிச்சச் சாமான் கணக்கு சரியா. எல்லாவற்றுக்கும் நேரே 'ஆம்' விழுந்தது. 'எல்லாத் தெருக் குழாயிலும் தண்ணீர் வருகிறதா' என்பதற்கும் 'ஆம்' போட்டு அமிர்தநாதனே கையெழுத்து வைத்தார். ஊருக்கே போய்க் கண்ணால் பார்த்தவர் அவர். ரிப்போர்ட்டை மூன்று கார்பன் வைத்து அடித்து முடித்தேன். விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் மருதாத்தாள் ஆபீசுக்கு வந்தாள்.

மேட்டுத்தெருக்காரி. பஸ் ஏறி வந்திருந்தாள். வந்த கோபத்தில் தண்ணீர்கூட வேண்டாம் என்றாள்.

"ஏனுங்க ஓவர்சியரு, நீங்க வந்தாத் தண்ணி வருது, நீங்க போனாத் தண்ணியும் போயிருது. இதென்னுங்க கூத்து? அந்தப் பழனிச்சாமிப் பயல் எங்க தெருவுக்கு மட்டும் எதையோ திருகி அடைக்கறானுங்க. நீங்க ஒப்படைச்சுட்டுப் போயிட்டா அப்புறம் நாங்க ஆருகிட்டப் போயி நிக்கறதுங்க?"

ஈஸ்வரமூர்த்தி சிரித்தார். "அம்மிணி, மேட்டுத்தெருவுக்குத் தனியாத் திருகறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லீங்க. குழாய் பதிச்சவன் நானு."

"அப்ப நான் பொய் சொல்றனுங்களா?"

அவள் போன பிறகும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டே இருந்தார். டைப் அடிப்பவள் முன்னால் ஒரு ஆள் இப்படி நடந்தால் எத்தனை பிழை விழும் என்று அவருக்கு யார் சொல்வது? நானே சொன்னேன். காதில் விழவில்லை.

மறுநாள் ஊருக்குப் போனார். மேட்டுத்தெருக் குழாயைத் திறந்தார். சும்மா பீறிட்டது. மோட்டார் அறையையும் பார்த்தார், பழனிச்சாமி மேல் ஒரு குற்றமும் இல்லை. திரும்பி வந்து, "பொம்பளை சும்மா வம்புக்கு வந்திருக்கறாங்க" என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் நடை. தான் சொன்னதில் அவருக்கே நம்பிக்கை இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

இன்னொரு நாள், காலையில் குடம் வைக்கிற நேரம் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் சைக்கிளில் போனார். மேட்டுக்குப் போகிற வழியில், கீழே பள்ளத்தெருவில் பெண்கள் கூட்டம். சைக்கிளைப் பார்த்ததும் ஒருத்தி குழாயை மூடினாள். அடுத்தவள் குடத்தை நகர்த்தினாள். தெருநெடுக அப்படியே. "வாங்க, வாங்க" என்று சிரித்தபடி எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். மேட்டில் தண்ணீர் கொட்டியது. அவரும் திரும்பிவிட்டார்.

பாதி வழி வந்தபிறகுதான் உறைத்திருக்கிறது. அந்த ஊரில் தண்ணீர் கொடுத்தவர்களை வெறும் ஆளாக நினைப்பதில்லை. முதல்நாள் குழாய்க்குப் பூசை போட்டபோது, சங்கத்து ஆட்கள் குடித்த பிறகே மற்றவர்கள் குடம் வைத்தார்கள். அது அப்படியே பழக்கமாகிப் போனது. சங்கத்து ஆள் ஊருக்குள் வந்தாலோ, பஞ்சாயத்து பிரசிடெண்டு குழாயைப் பார்க்க வந்தாலோ, அவர் போகும்வரை ஊர்க்காரர்கள் குழாயில் கை வைப்பது மரியாதை இல்லை. ஆக, நாங்கள் சோதித்த ஒவ்வொரு முறையும் ஊரிலுள்ள குழாயெல்லாம் மூடியிருந்தது. கீழே எல்லாம் மூடியிருந்தால் மேட்டில் தண்ணீர் ஏறாமல் என்ன செய்யும்?

அடுத்த நாள் விடியுமுன்னே போய், சைக்கிளை வாய்க்கால் மேட்டில் போட்டுவிட்டு, மருதாத்தாள் வீட்டுக்குள் ஒளிந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று அவர்தான் சொன்னார், நான் நம்பவில்லை. பள்ளத்தெருவில் குடம் நிறையத் தொடங்கியதும் மேட்டுத்தெருக் குழாய் இரண்டு முறை செருமிவிட்டு நின்றுபோயிற்று. கீழே எல்லாரும் காடு கழனி வேலைக்குப் போகும்வரை ஒரு சொட்டு இல்லை. தண்ணீர் வரத் தொடங்கியபோது மேட்டுத்தெருக்காரர்களும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

"பாத்தீங்களா?" என்றாளாம் மருதாத்தாள்.

"பாத்தனுங்க. பழனிச்சாமியத் திட்டாதீங்க, அவம் மேல தப்பில்லீங்க."

ஆபீசுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். அமிர்தநாதன் ஒப்புக்கொள்ளவில்லை. "நான் கண்ணால பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கேன். கூட்டத்துக்கு நாள் குறிச்சாச்சு. அங்க வந்து குட்டையைக் குழப்பாதேயும்."

எனக்கும் கோபம்தான். நான்கு நகலையும் திரும்ப அடிக்க வேண்டுமே! "போயிட்டு வாங்களேன் வண்டிப்பெரியாருக்கு, மிச்சத்தைப் பஞ்சாயத்து பாத்துக்காதா?" என்றேன்.

"பாக்காதுங்க. மேட்டுத்தெரு வறண்டு கெடக்கறது அவிங்களுக்குத் தெரியவே தெரியாது. அவிங்க போயிப் பாத்தாலும் தண்ணி வருமல்லோ!"

கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. திட்டத்தில் எது நன்றாக நடந்தது, எது தவறியது, அடுத்த ஊரில் எதை மாற்ற வேண்டும் என்று எல்லாரும் பேசுவதற்கான கூட்டம். எழுதிக்கொள்ள நான் போயிருந்தேன். எழுத ஒன்றுமில்லை. வந்தவர்களெல்லாம் நன்றி சொன்னார்கள். பிரசிடெண்டு காளிச்சாமி, பள்ளத்தெருக்காரர், "ஒரு கொறையும் இல்லீங்க, கையெழுத்துப் போட்டுக்கலாம்" என்று பேனாவைத் திறந்துவிட்டார். மேட்டுத்தெருப் பெண்கள் வாசலோரம் நின்றார்கள். ஆபீஸில் அத்தனை சத்தம் போட்ட மருதாத்தாள், ஊருக்கு முன்னால் வாய் திறக்கவில்லை.

ஈஸ்வரமூர்த்தி எழுந்துவிட்டார். எப்போது உட்கார்ந்தார் என்று கேட்கிறீர்களா?

"கையெழுத்துக்கு முன்னால ஒரே ஒரு வேலைங்க. பள்ளத்தெருவுல எல்லாரும் குடத்த எடுத்துட்டு வந்து, இப்பவே, ஒண்ணாத் தண்ணி புடிக்கோணும்."

"அதெப்படீங்க, நீங்கெல்லாம் உக்காந்திருக்கறப்ப?" என்றாள் ஒருத்தி. மற்றவர்களும் நகரவில்லை. அவர் கும்பிட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. கடைசியில் அவரே ஒரு குடத்தை வாங்கிக்கொண்டு போய்க் குழாயடியில் வைத்தார். ஓவர்சியர் குடம் தூக்குவதைப் பார்த்துச் சகிக்காமல் பெண்கள் பிடுங்கிக்கொண்டார்கள். அப்புறம் தெருவே இறங்கியது.

அமிர்தநாதனையும் காளிச்சாமியையும் மேட்டுத்தெருவுக்கு நடத்திப் போனார். அமிர்தநாதனே குழாயைத் திருகினார். செருமல் சத்தம், கொஞ்சம் காற்று, அவ்வளவுதான். காளிச்சாமி குனிந்து குழாய்க்குள் பார்த்தார், உள்ளே யாராவது ஒளிந்திருப்பதுபோல.

அதன்பிறகுதான் உண்மையான கூட்டம் நடந்தது. நான் பக்கம் பக்கமாக எழுதினேன். வீடுகள் ஒவ்வொன்றாக நாள் முழுதும் தண்ணீர் பிடிக்கும் என்று வரைபடம் போட்ட இன்ஜினீயர் நினைத்திருந்தார். இங்கே ஊரே காட்டுக்குப் போகுமுன் ஒரே நேரத்தில் பிடிக்கிறது. மாரியம்மன் கோவில் முக்கில்தான் குழாய் இரண்டாகப் பிரிகிறது. பள்ளத்துக்குப் போகும் கிளையில் ஒரு வால்வு வைத்து, காலையில் கொஞ்ச நேரம் அதை மூடினால், மேட்டுக்குத் தண்ணீர் ஏறிவிடும். மிச்சச் சாமானில் அதற்கேற்ற வால்வும் ஒன்று இருந்தது.

ஆனால் அதுவரை பள்ளத்தெரு காத்திருக்க வேண்டுமே. அங்கேதான் சண்டை. "எங்க தெருக் குழாய எதுக்குங்க மூடோணும்?" என்று கத்தினார்கள். காளிச்சாமி பேனாவை மூடிச் சட்டைப் பையில் போட்டார். அமிர்தநாதன் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். அன்று ஒன்றும் முடியவில்லை.

முடிய மேலும் சில வாரம் ஆயிற்று. ஈஸ்வரமூர்த்தி தினமும் அந்த ஊரில் கிடந்தார். வால்வைப் பொருத்தினார். இரண்டு தெருவையும் உட்காரவைத்துப் பேசினார், தான் மட்டும் நடந்துகொண்டே. கடைசியில் காளிச்சாமியே, "எம்பட ஊட்டுக் குடமும் அப்புறமே நெறையட்டும், போங்க" என்று சொல்ல, பள்ளத்தெரு அடங்கியது. வால்வுச் சாவி பழனிச்சாமி கைக்குப் போனது. அதுவும் பட்டியலில் ஏறியது. 'எல்லாத் தெருக் குழாயிலும்' என்பதற்குப் பக்கத்தில் 'எல்லாக் குழாயும் திறந்திருக்கும்போது' என்று சேர்த்து அடித்தேன். ரிப்போர்ட்டின் பாடங்கள் பகுதியில் முதல் வரியாக, 'சோதனைக்குப் போகும் நம்மை ஊர் விருந்தாளியாக நடத்தினால், அந்தச் சோதனை செல்லாது' என்று எழுதச் சொன்னவர் அமிர்தநாதன். பெரிய மனசுதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றாந்தேதி கடந்துவிட்டது. வண்டிப்பெரியாருக்கு வேறு ஓவர்சியர் போய்விட்டார். ஈஸ்வரமூர்த்தி அன்று டீயே வேண்டாமென்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கமே நின்றார். எனக்கு அழுகை வந்தது.

சித்திரை வெயிலில் அந்த ஊர்ப் பக்கம் வேறு வேலையாகப் போனோம். காலை நேரம். மேட்டுத்தெருவில் மருதாத்தாள் குழாயடியில் இருந்தாள், பின்னால் வரிசை. ஓவர்சியரைப் பார்த்தும் ஒருத்தியும் குடத்தை நகர்த்தவில்லை. அவர் பழக்கதோஷத்தில் கையைக் குவித்துக்கொண்டு குழாய்க்குக் குனிந்தார்.

"சித்த நகந்து நில்லுங்க" என்றாள் மருதாத்தாள். "இப்பப் பள்ளத்துக்குத் தொறந்து உட்டுருவாங்க. அதுக்குள்ள நாங்க புடிக்கோணும்."

அவர் நகர்ந்து நின்றார். பிறகு பக்கத்தில் கிடந்த துவைகல்லில் போய் உட்கார்ந்தார். வரிசை முடியும்வரை எழுந்திருக்கவே இல்லை.