விலை பார்த்துப் போட்டுக்கலாம்

ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் நான்கு வருடம் டைப்பிஸ்டாக இருந்தேன். இழுப்பு நோய் முற்றி, அந்த நெடியில் ஒரு நாள்கூட உட்கார முடியாது என்று ஆனபோது வேலையை விட்டேன். ஆலங்காயம் பக்கத்தில் ஒரு விவசாயிகள் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் டைப்பிஸ்ட் வேண்டும் என்றார்கள். சம்பளம் பாதிதான். காற்று நன்றாக இருக்கும் என்று அம்மா சொன்னார். சேர்ந்துவிட்டேன். எழுபதுகள் முடிகிற சமயம் அது.

சங்கத்துக்கு மாங்காய்தான் உயிர். உறுப்பினர்கள் பறித்துக்கொண்டு வந்து யார்டில் கொட்டுவார்கள். வெளியூர் மண்டிக்காரர்கள் லாரியோடு வந்து எடுத்துப்போவார்கள். பெங்களூரா ரகத்தைப் பழக்கூழ் ஆலைகளும் வாங்கின. தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு அப்போது கிடையாது. அரசாங்கம் போட்ட தனி அலுவலர் ஒருவர் வேலூரில் இருந்துகொண்டு கையெழுத்துப் போடுவார். யார்டில் எல்லாமே செக்ரட்டரிதான்.

செக்ரட்டரிக்கு ஐம்பது வயது இருக்கும். அவரே மூன்று ஏக்கர் மாந்தோப்புக்காரர். வாங்குகிறவர்களுக்கு அவர் தபால் கார்டு எழுதுவது, சம்பந்தி வீட்டுக்கு எழுதுவதுபோல இருக்கும். நான் சேர்ந்த வாரம் அவர் எழுதிய ஒன்று அப்படியே மனதில் நிற்கிறது:

'அண்ணனுக்கு வணக்கம். இங்க எல்லாம் சௌக்கியம். காய் ஏகத்துக்கு எறங்கிடுச்சி. நல்ல காய். சீக்கிரம் லாரி அனுப்புங்க. விலை பாத்துப் போட்டுக்கலாம். நீங்க எடுக்கலன்னா மாட்டுக்குத்தான் போடணும். எங்க ஜனங்க கஷ்டத்துல இருக்காங்க.'

அதில் ஒரு பொய் கிடையாது. அதுதான் கேடாகப் போனது.

அந்த வருடம் எல்லாத் தோப்பும் ஒன்றாகக் காய்த்தது. ஜூன் நடுவில் யார்டில் கால் வைக்க இடமில்லை. மண்டிக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். மூவரும் ஒரே விலையைச் சொன்னார்கள். அது பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் காணாத விலை. செக்ரட்டரி கெஞ்சினார். அவர்களில் மூத்தவர் சட்டைப் பையிலிருந்து அந்தக் கார்டை எடுத்தார். உறுப்பினர்கள் சுற்றி நிற்கும்போதே உரக்கப் படித்தார்.

"மாட்டுக்குத்தான் போடணும்னு உங்க செக்ரட்டரியே எழுதிக் குடுத்திருக்காரு. நாங்க குடுக்கிறது மாட்டுத் தீனி விலைக்கு ஜாஸ்திதானே?"

யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு விதவை அம்மா மட்டும் முன்னால் வந்தார். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகத் தோப்பைப் பார்த்துக்கொண்டவர். செக்ரட்டரியைப் பார்த்து, "இன்னாண்ணா இப்பிடி எழுதிட்டீங்க?" என்றார். அவ்வளவுதான். செக்ரட்டரி துண்டால் முகத்தைத் துடைத்தபடி உள்ளே போய்விட்டார். லாரிகள் காலியாகவே திரும்பின. இன்னும் நாலு நாள் போனால் நாங்களாகவே விலை இறங்கி வருவோம் என்று மண்டிக்காரர்களுக்குத் தெரியும்.

மறுநாள் தபாலில் கிருஷ்ணகிரி பக்கத்துக் கூழ் ஆலையிலிருந்து ஒரு பதில் வந்தது. அவர்களுக்கும் செக்ரட்டரி எழுதியிருந்தார். ரகம், அளவு, தரம், விலை, எந்த இடத்தில் ஒப்படைப்பு என்று எதுவுமே உங்கள் கடிதத்தில் இல்லை. முறையான அறிவிப்பு அனுப்பினால் பரிசீலிக்கலாம் என்று இரண்டே வரி. இங்கிலீஷில் இருந்தது. நான் படித்துச் சொன்னேன்.

"நல்ல காய்னு எழுதியிருக்கேனே. இதுக்கு மேல இன்னாம்மா எழுதறது?"

"எவ்ளோ நல்ல காய் சார்? ஒரு கிலோவுக்கு எத்தினி நிக்கும்?"

"மூணு நிக்கும். பெரிசுன்னா ரெண்டு."

தோல் அலுவலகத்தில் நாள் முழுக்க நான் டைப் அடித்தது இதைத்தான். இன்ன ரகம், இன்ன தரம், இத்தனை சரக்கு, இன்ன விலை, எங்கே ஒப்படைப்பு, பணம் எப்படி, இந்த விலை எதுவரை. லண்டனுக்குப் போகிற தோலுக்கு எழுதியதை மாங்காய்க்கு எழுதக்கூடாதா? ஒரு தாளை எடுத்து அவர் எதிரில் உட்கார்ந்தேன். அவருடைய கார்டை வரிவரியாகக் கேட்டேன்.

'ஏகத்துக்கு' என்றால் எவ்வளவு? தினம் இரண்டு லோடு தர முடியும் என்றார். மழை வந்தால்? ஒன்று. அப்படியானால் ஒன்று என்றே எழுதுவோம். மேல் லோடு இருப்பைப் பொறுத்து என்று போடுவோம் என்றேன். 'நல்ல காய்' என்பது 'பெங்களூரா, முற்றிய பச்சைக்காய், காம்போடு கையால் பறித்தது, கிலோவுக்கு மூன்றுக்கு மேற்படாது, அடிபட்டதும் புழு விழுந்ததும் நீக்கியது' என்று ஆயிற்று. 'லாரி அனுப்புங்க' என்பது 'சங்க யார்டில் ஒப்படைப்பு, ஏற்றுக்கூலி சங்கத்துடையது, லாரி வாடகை வாங்குபவருடையது' என்று ஆயிற்று. எடை எங்கே போடுவது என்று கேட்டபோது அவர் கொஞ்சம் திணறினார். ஆலை எடைக்கும் நம் எடைக்கும் வருடா வருடம் சண்டையாம். ஆலங்காயத்து எடைமேடைச் சீட்டே முடிவு என்று எழுதினோம்.

விலைக்கு வந்ததும் கையை அசைத்துத் தடுத்தார்.

"வெல எழுதினா ஓடிடுவாங்கம்மா. அவங்களே கேக்கட்டும்."

"அவங்க கேட்டதைத்தான் நேத்து பாத்தமே சார்."

கடைசியில் பறிப்பு, வண்டி, கமிஷன் எல்லாம் கூட்டி, உறுப்பினர் கையில் ஏதாவது நிற்கிற மாதிரி டன்னுக்கு ஒரு விலை சொன்னார். 'சரக்குக் கைவசம் இருக்கும்வரை, வரும் சனிக்கிழமை மாலைவரை மட்டும் இந்த விலை' என்று எழுதினேன். லோடு ஏறுமுன் வங்கி டிராஃப்ட் என்றும் சேர்த்தேன்.

அவருக்குப் புரியவேண்டும் என்று முதலில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"எல்லாம் இருக்கு. நம்ம ஜனம் மட்டும் இதுல இல்லியேம்மா."

"கஷ்டத்தை எழுதினா வெலைதான் கம்மியாவுது சார்."

கையெழுத்துப் போட்டார். நான் ஆலைகளுக்கு இங்கிலீஷிலும் மண்டிகளுக்குத் தமிழிலும் அடித்தேன். தனி அலுவலரிடம் ஒப்புதல் வாங்க அவரே பஸ் ஏறி வேலூர் போய்வந்தார். அறிவிப்புகள் தபாலில் போயின. கூழ் ஆலைக்குச் சுருக்கமாக ஒரு தந்தியும் கொடுத்தோம்.

அன்று சாயங்காலம் சூறைக்காற்று அடித்தது.

மழை அதிகமில்லை. காற்றுதான். பொழுது விடிந்ததும் உறுப்பினர்கள் வண்டி வண்டியாகக் காயைக் கொண்டுவந்தார்கள். எல்லாம் உதிர்ந்த காய். ஒரு பக்கம் கன்றி, காம்பு போய், பால் வழிந்து மண் ஒட்டிய காய். யார்டு வாசலில் வண்டிகள் நின்றன. பத்தரை மணிக்குத் தந்தி வந்தது. ஆலை விலையை ஒப்புக்கொண்டு, மறுநாள் லாரி அனுப்புவதாகச் சொன்னது. அறிவிப்பில் கண்ட தரத்துக்கே எடுப்போம் என்றும் இருந்தது.

செக்ரட்டரி தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கையால பறிச்சதுன்னு எழுதிட்டமே."

"ஆமா சார்."

"அடிபட்டதைக் கீழ போட்டு மேல நல்லதா பரப்பினா?"

அவர் அதை யோசித்தது எனக்குத் தப்பாகவே படவில்லை. அந்த வண்டிகளைப் பார்த்த யாரும் யோசித்திருப்பார்கள். ஆனால் நான் பதில் சொல்லுமுன் அவரே தலையை ஆட்டிக்கொண்டார். லாரி திரும்பினால் இந்த வருடம் மட்டும் போகாது, அந்த ஆலையே போய்விடும் என்றார். வாசலுக்குப் போய், உதிர்ந்த காய் இந்த லோடில் சேராது என்று சொன்னார். முதலில் திருப்பி அனுப்பியது தன் சொந்தத் தம்பியின் வண்டியை.

விதவை அம்மாவின் தோப்பு காற்று வாக்கில் இருந்தது. மரத்தில் ஒன்றும் மிச்சமில்லை. வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"போன வாரம் சேர்த்துக்கினு இருந்தீங்களே அண்ணா. இப்ப மட்டும் இன்னா?"

"இப்ப எழுதிக் குடுத்திருக்கோம்மா. எழுத்துல இருக்கு."

"எழுதினது யாரு? இந்தப் பொண்ணா?"

நான் வாசலிலேயே நின்றிருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. பார்த்தார். பிறகு வண்டிக்கு நிழல் தேடி ஓட்டிப்போய்ப் புளியமரத்தடியில் நிறுத்தினார். காய் அழுகாமல் இருக்க நிழல் போதும் என்பதுபோல, சாக்கை நனைத்து நனைத்துப் போர்த்தினார்.

என்னால் உள்ளே உட்கார முடியவில்லை. இன்னொரு அறிவிப்பு எழுதலாம் என்று செக்ரட்டரியிடம் போனேன். "காத்துல உதிர்ந்த காயை இன்னான்னு எழுதுவ?" என்றார். காற்றில் உதிர்ந்த காய் என்றே எழுதலாம் என்றேன். ஊறுகாய்க்கும் உப்பில் போடவும் கன்றிய பக்கத்தை வெட்டிவிட்டுப் பயன்படுத்தலாம். அடிபட்டது, மண் ஒட்டியது என்பதை மறைக்காமல் எழுதி, விலையைக் குறைத்து, அன்றைக்கே எடுக்கவேண்டும் என்று போட்டோம். தபாலுக்கு நேரமில்லை. கார்பன் நகல்களை மடித்து எடுத்துக்கொண்டு அவர் வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் போனார். ஊறுகாய் போடுகிறவர்கள், ஹோட்டல்கள், தொழிற்சாலை கேண்டீன்கள் என்று வாசல் வாசலாக ஏறியிருக்கிறார். நான் யார்டிலிருந்து மற்ற ஊர் ஊறுகாய்க்காரர்களுக்கு டெலிபோனில் டிரங்க் கால் போட்டுப் போட்டுப் பார்த்தேன். லைன் கிடைத்த இடங்களிலெல்லாம் ஏற்கனவே மாங்காய் நிறைந்து கிடந்தது. அவர்கள் பக்கமும் அதே காற்று அடித்திருந்தது.

இருட்டுகிற நேரத்தில் செக்ரட்டரி ஒரு சின்ன வேனோடு வந்தார். ஆம்பூரில் ஒரு ஊறுகாய்க்காரர் அறிவிப்பைப் படித்துவிட்டு, அடிபட்டதை அடிபட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், எனவே நம்பி வருகிறேன் என்றாராம். வேன் கொள்ளுமட்டும்தான் எடுக்க முடியும். அது வாசலில் முதலாவதாக நின்ற வண்டிகளோடு நிறைந்துவிட்டது. புளியமரத்தடிக்கு வரவில்லை. அந்த அம்மாவின் காயிலிருந்து அதற்குள் புளித்த வாடை வர ஆரம்பித்திருந்தது.

அவர் அழவில்லை. வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். காயை ஏரிக்கரையில் கொட்டியதாகவும், ஊர் மாடுகள் எல்லாம் அங்கேதான் நின்றன என்றும் மறுநாள் சொன்னார்கள்.

அதே மறுநாள் ஆலை லாரி வந்தது. கூட வந்த தரம் பார்க்கிறவர் கையில் எங்கள் அறிவிப்பு இருந்தது. குவியலின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் காய் எடுத்துப் பார்த்தார், கிலோவுக்கு எத்தனை என்று எடை போட்டார், வெட்டினார். டிராஃப்டை நீட்டினார். சனிக்கிழமைவரை தினமும் ஒரு லோடு போயிற்று. மண்டிகளுக்கு நாங்கள் அனுப்பிய அறிவிப்பைப் பார்த்து, மண்டிக்காரர்களில் ஒருவர் மட்டும் மற்ற இருவருக்குத் தெரியாமல் வந்து அந்த விலைக்கே எடுத்தார். சங்கம் அந்த வருடம் தப்பித்தது. காற்றுக்கு எட்டாத தோப்புக்காரர்கள் எனக்கு ஒரு கூடை செந்தூரா மாம்பழம் கொண்டுவந்து வைத்தார்கள். அதை வீட்டுக்கு எடுத்துப்போனேன். அம்மாவும் தங்கைகளும் சாப்பிட்டார்கள். நான் தொடவில்லை.

செக்ரட்டரி அதற்குப் பிறகு கார்டு எழுதவில்லை. காலையில் வந்ததும் ரகம், அளவு, தரம் என்று தானே சொல்லிக்கொண்டு வருவார், நான் குறித்துக்கொள்வேன். உதிர்ந்த காய்க்குத் தனி அறிவிப்பு எப்போதும் தயாராக, தேதி மட்டும் போடாமல் அடித்து வைத்திருந்தோம். ஒரு காற்று முன்னால் அதைச் செய்திருந்தால் என்று இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

அடுத்த தை மாசம், மரம் பூத்த கையோடு, அந்த அம்மா தன் தோப்பை மூத்த மண்டிக்காரருக்குப் பூவிலேயே குத்தகைக்கு விட்டுவிட்டார். காற்று, விலை, எதுவும் இனி அவர் கவலை இல்லை; காயும் இனி அவருடையது இல்லை. கையெழுத்துப் போட்டு, சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலிருந்து தன் பெயரை நீக்கிக்கொள்ள வந்திருந்தார். நான் நாற்காலி எடுத்துப் போட்டேன். உட்காராமல், "எங்க வைக்கணும் கையெழுத்து?" என்று கேட்டார். காட்டினேன். வைத்துவிட்டுப் போனார்.