கூட்டம்தான் ரத்து

எங்கள் குடும்பத்தில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்யும் முதல் ஆள் நான். மலேசியாவில், சிரம்பான் நகரத்தில், ஜெலுபுப் பக்கத்து ரப்பர் தோட்டங்களையெல்லாம் மேற்பார்க்கும் வட்டார அலுவலகத்தில் நிர்வாகப் பிரிவு. என் பெயர் போட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் பேருந்தில் வீட்டுக்குப் போவேன். வழியில் கழற்ற மாட்டேன். அதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை.

அன்று பிற்பகல் மேலாளர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். இதே ஊர் ரஹாங்கில் பிறந்து வளர்ந்தவர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர், குரல் உயர்த்தாதவர். ஒரு கூட்டத்துக்கு அழைப்பு தயாரிக்க வேண்டும். தலைப்பு: கீழ் லயக் குடியிருப்பாளர்கள் இடமாற்றம். விவரங்கள் இன்னும் முடிவாகவில்லை, வரைவாகவே தோட்ட நிர்வாகிகளுக்கு அனுப்பு, அவர்கள் பார்த்துத் திருத்தம் சொல்லட்டும் என்றார். இதே மாதிரி வேறொரு தோட்டத்தில் முன்பு நடந்த கூட்டத்தின் அழைப்பை எடுத்து, தோட்டத்தின் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தார்.

கீழ் லயம் என்றால் என் அப்பா இருக்கும் தொழிலாளர் வீட்டு வரிசை. அப்பா இன்னும் பால் மரம் சீவுகிறார். வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு. தலைப்பைப் பார்த்ததும், 'சார், இது உண்மையிலேயே நடக்கப் போகுதா?' என்று கேட்க வாயெடுத்தேன். படித்த பெண் வேலையையும் வீட்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று நினைத்து அடக்கிக்கொண்டேன். அந்தக் குழப்பத்தோடேயே பெறுநர் கட்டத்தில் 'ஜெலுபு தோட்ட' என்று தட்டினேன். கணினி மீதியைத் தானே நிரப்பிக் காட்டியது. அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பதில்கள் வர ஆரம்பித்தன. 'ஏற்றுக்கொண்டார்' என்று ஒன்று. அது ஒரு தோட்டத்து மருந்தகத்திலிருந்து. அடுத்தது லாரிப் பட்டறையிலிருந்து. மருந்தகத்துக்கும் பட்டறைக்கும் நிர்வாகிகள் கூட்டத்தில் என்ன வேலை? பெறுநரைத் திறந்து பார்த்தேன். 'ஜெலுபு தோட்ட நிர்வாகிகள்' இல்லை. 'ஜெலுபு தோட்ட அலுவலகங்கள்'. விடுமுறை அறிவிப்பு, தண்ணீர் வெட்டு, கொசு மருந்து அடிக்கும் நாள், எல்லாவற்றையும் வாராவாரம் நான் அனுப்பும் குழு. அடிக்கடி பயன்படுத்தியதால் கணினி அதைத்தான் முதலில் நீட்டியிருக்கிறது.

சாதாரண மின்னஞ்சல் என்றால் திரும்பப் பெற முயன்று பார்க்கலாம். கூட்ட அழைப்புக்கு அந்த வசதி கிடையாது. ரத்து மட்டும்தான் செய்ய முடியும். ரத்து செய்தேன். 'தவறுதலாக அனுப்பப்பட்டது, பொருட்படுத்த வேண்டாம், மன்னிக்கவும்' என்று மேலே ஒரு வரி சேர்த்தேன். மேலாளரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உன் அப்பா அந்தத் தோட்டத்துலதானே இருக்காரு?"

"ஆமா சார்."

"ம்."

அவ்வளவுதான். ஆனால் அந்த 'ம்' எனக்குப் புரிந்தது. வேண்டுமென்றே கசியவிட்டதாக நினைக்கிறார். கணினி தானாக நிரப்பியது என்று விளக்கினேன். விளக்க விளக்க அது எனக்கே பொய் மாதிரிக் கேட்டது.

சாயங்காலம் அப்பா அழைத்தார். வழக்கமாக அம்மாதான் அழைப்பார், அப்பா பின்னாலிருந்து ஒன்றிரண்டு வார்த்தை கத்துவார். அன்று அவரே.

"என்னம்மா, எங்கள காலி பண்ணப் போறீங்களாமே?"

பண்ணப் போறாங்க இல்லை. போறீங்க.

"யாருப்பா சொன்னா?"

"யாரு சொல்லணும்? போர்டுல ஒட்டியிருக்கு லா. வருஷக் கடைசிக்குள்ள வீட்ட விடணுமாம். ரெண்டு தாளு."

"ரெண்டா?"

"ஒண்ணு கூட்டம்னு. இன்னொண்ணு கூட்டம் ரத்துன்னு. கிராணி கீழ தமிழ்ல எழுதிப் போட்டுருக்காரு."

அந்தக் குழுவுக்கு வரும் எதையும் தோட்டத்து எழுத்தரான கிராணி அச்செடுத்துப் பெரட்டுக் களத்துப் பலகையில் ஒட்டிவிடுவார். தொழிலாளிகளுக்கு மின்னஞ்சல் ஏது? காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தில்தான் செய்தி. முன்பு அவர் தாமதமாக ஒட்டினார் என்று நானே அவரைக் கடிந்திருக்கிறேன். அதன்பின் சுறுசுறுப்பாகிவிட்டார். அதோடு, ரத்து அறிவிப்பு என்பது பழைய விவரங்களை முழுசாகத் தூக்கிக்கொண்டுதான் போகும். அதே தலைப்பு, அதே இடமாற்றம், அதே வருஷக் கடைசி, முன்னால் மட்டும் 'ரத்து'.

"அது தப்பா போயிருச்சுப்பா. அதான் ரத்து பண்ணிட்டேன்."

"கூட்டம்தானே ரத்து? காலி பண்றது ரத்துன்னு எங்கயும் போடலையே."

கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

"கூட்டம் போட்டா நாங்க கேள்வி கேப்போம். அதனால கூட்டம் இல்லாமலே வெரட்டப் போறீங்கன்னு லயத்துல பேசிக்கிறாங்க. ஒனக்கு முன்னயே தெரியும்தானே?"

"இன்னைக்குத்தான்பா தெரியும்."

"ஓ. சரி," என்றார். நம்பாதவர்கள் சொல்லும் சரி.

மறுநாள் காலை நான் அலுவலகத்துக்குள் நுழையும்போதே மேலாளர் கார் சாவியைக் கையில் வைத்திருந்தார். தோட்ட நிர்வாகி அழைத்திருக்கிறார். பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்தும் யாரும் மரத்துக்குப் போகவில்லையாம். பதில் சொல்லும்வரை களத்தை விட்டு நகர மாட்டோம் என்று நிற்கிறார்களாம்.

"நீயும் வா. நீதான் அனுப்பின, நீயே மன்னிப்புக் கேளு. 'அந்த அழைப்பில் இருந்தது எல்லாம் தவறு'ன்னு ஒரு வரி. முடிஞ்சுது."

கோலா கிளாவாங் போகும் மலைப்பாதையில் கார் வளைந்து வளைந்து ஏறியது. மடியில் தாளை வைத்துக்கொண்டு நான் அந்த ஒரு வரியை எழுதாமலே வந்தேன்.

"சார், எல்லாமே தவறா?"

"டிராஃப்ட் மா அது."

"டிராஃப்ட்னா தவறுன்னு அர்த்தம் இல்லையே சார். இடமாற்றம்னு ஒண்ணு இல்லவே இல்லையா?"

அவர் சாலையைப் பார்த்தார். முன்னால் ஒரு லாரி மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.

"நீ இதக் கேக்குறது ஆபீஸ் வேலைக்கா, உங்கப்பாவுக்கா?"

"அவங்க முன்னாடி நின்னு படிக்கப் போறது நான் சார். நாளைக்கு அது பொய்யின்னு ஆச்சுன்னா, அந்த லயத்துல நான் எந்த மூஞ்ச வச்சுக்கிட்டுப் போவேன்?"

அவரிடமிருந்து எதையாவது பிடுங்கப் பார்க்கிறேன் என்று அவர் நினைத்திருக்கலாம். அவர் எதையோ மறைக்கிறார் என்று நான் நிச்சயமாக நினைத்தேன். லாரியைத் தாண்டிய பிறகு சொன்னார். யோசனை உண்டு. கீழ் லயம் வெள்ளம் ஏறும் பள்ளம், அவர்களை மேட்டில் புதுவீடு கட்டிக் குடிவைக்கலாமா என்று பேச்சு. மேலிடம் இன்னும் முடிவெடுக்கவில்லை. வருஷக் கடைசி என்ற கெடு அந்தப் பழைய தோட்டத்து அழைப்பில் இருந்தது, எடுக்க மறந்துவிட்டார்.

"அப்ப அதையே எழுதிடவா?"

"பைத்தியமா? முடிவாகாதத எப்படி எழுதுவ?"

"முடிவாகலைன்னு எழுதுறேன் சார்."

எழுதினேன். அவர் ஓரமாகக் காரை நிறுத்தி வாசித்தார். 'மேட்டில் புதுவீடு' என்பதை அடித்தார். கட்டாவிட்டால் நம்மைப் பிடித்துக்கொள்வார்கள் என்றார். அது நியாயம், விட்டுவிட்டேன். 'ஆலோசனை நடந்து வருகிறது' என்பதையும் அடிக்கப் போனார். பேனா மேல் என் கையை வைத்தேன். மேலாளர் கையை நான் தொட்டது அந்த ஒரு முறைதான். என்னை முறைத்துவிட்டு, அந்த வரியை விட்டுவிட்டார்.

களத்தில் யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பால் வாளிகள் தரையில். அப்பா இரண்டாம் வரிசையில், மற்ற எல்லாரையும் போல நின்றார். என்னை மகளாகப் பார்க்கவில்லை. தோட்ட நிர்வாகி ஏதோ தொடங்க, பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வெட்டியது.

"அனுப்புனவ பேசட்டும் லா!"

படித்தேன். அந்த அழைப்பை அனுப்பியது நான். நிர்வாகிகள் பார்க்கவேண்டிய வரைவை எல்லா அலுவலகங்களுக்கும் தவறாக அனுப்பிவிட்டேன். அதனால் உங்களுக்கு வந்த கவலைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். வருஷக் கடைசிக்குள் வீட்டை விடவேண்டும் என்றிருந்தது இந்தத் தோட்டத்துக்கு உரியது அல்ல, அது தவறு. இடமாற்றம் பற்றி ஆலோசனை நடந்து வருகிறது, எதுவும் முடிவாகவில்லை. கூட்டம் ரத்து இல்லை. நாள் முடிவானதும் இதே பலகையில் வரும். கூட்டம் நடக்காமல் யாரையும் வீட்டை விடச் சொல்ல மாட்டார்கள்.

கடைசி வரியை மேலாளர் பார்க்கவில்லை. கார் நின்ற பிறகு சேர்த்தேன். அவர் பக்கம் திரும்பாமலே வாசித்து முடித்தேன்.

"பெத்துலா சார்? நெஜந்தானா?" என்று அந்தப் பெண் அவரையே நேராகக் கேட்டாள்.

அத்தனை பேர் முகமும் அவர் பக்கம் திரும்பியது. அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. தொண்டையைச் செருமினார்.

"பெத்துல்," என்றார்.

"இத எழுதுனது யாரு?" இது அப்பா. "நீயா, அவங்களா?"

"நான் எழுதுனேன். சார் பாத்தாரு."

"அப்ப அடியில பேரப் போடு. கையெழுத்தும் போடு."

யாரோ சிரித்தார்கள். "பெத்த மகள நம்பாத மனுசன்யா!"

"மகளத்தான் நம்புறேன். ஆபீஸ நம்பல," என்றார் அப்பா. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

சுவரில் தாளை வைத்துக் கையெழுத்திட்டேன். கிராணி பழைய இரண்டையும் கிழித்துவிட்டு அதை ஒட்டினார். பழையதைக் குப்பையில் போடப் போனவரிடமிருந்து அந்தப் பெண் வாங்கி மடித்துக் கச்சிதமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொருவராக வாளியை எடுத்தார்கள். மோட்டார் சைக்கிள்கள் கிளம்பின. மேலாளர் கார்ப் பக்கம் நடந்தார். திரும்பும் வழியில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா மட்டும் பலகையருகே நின்றார். சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, என் கையெழுத்து தெளிவாகத் தெரியும்படி, குனிந்து ஒரு படம் எடுத்தார். சரியாக விழவில்லை என்று இன்னொன்று.

"எதுக்குப்பா அது?"

"கூட்டம் நடக்கட்டும்மா," என்றார். "நடந்து முடிஞ்சதும் டிலீட் பண்ணிடுறேன்."