வேன் நிழலில் எடுத்த மூன்று அளவுகள்

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆம்பூரில் தோல் ஷெட்டில் ஈரத் தோல் தூக்கினேன், பிறகு ஷேர் ஆட்டோ ஓட்டினேன், இன்றைக்கு மூன்று வேனுக்குச் சொந்தக்காரன். எனக்குக் கைகொடுத்தவர் என்று ஒருத்தரையும் காட்ட முடியாது. மூன்றுக்கும் டிரைவர் உண்டு. ஆனாலும் காலேஜ் சவாரி என்றால் நானேதான் ஸ்டியரிங்கில் உட்காருவேன். அறுபத்தேழு வயதிலும் பிள்ளைகள் என்னை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

போன மாசியில் வேலூர் காலேஜ் ஒன்றின் ஜியாலஜி பிள்ளைகள் பதினொரு பேரையும் அவர்களுடைய மேடத்தையும் ஏற்றிக்கொண்டு விடியும் முன்னே கடப்பா ரோட்டில் கிளம்பினேன். சாய்ந்த மணற்கல் அடுக்கைப் பார்க்க அங்கேதான் போகவேண்டுமாம், நம் பக்கத்து மலை அதற்கு ஆகாதாம். பின் சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி வரும் என்று ஒரு பெண் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய அப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில் தோல் பதனிடும் டிரம் ஓட்டுகிறவர் என்று தெரிந்ததும் அவள் நம்ம வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டாள். சித்தூர் தாண்டுவதற்குள் கதை முழுவதும் வந்துவிட்டது. மே மாதம் ஒரு மாத மலை முகாமுக்கு மேடம் இரண்டு பேரைத்தான் கூட்டிப்போவார்கள். இன்று எழுதும் நோட்டைப் பார்த்துத்தான் தேர்வு. நோட்டில் பேனாவால் எழுதவேண்டும். ரப்பர் கூடாது, வெள்ளை மை கூடாது, தாள் கிழிக்கக் கூடாது. போன தடவை இவள் ஒரு தாளைக் கிழித்துவிட்டு மாட்டிக்கொண்டாள். இன்று சாயந்தரம் நாலு மணிக்கு ரோட்டிலேயே நோட்டைக் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

இடத்தைப் பார்த்ததும் எனக்கே புல்லரித்தது. ரோட்டை ஒட்டி நீளமாக ஒரு கல் கூரை நம்மைப் பார்த்துச் சரிந்து கிடந்தது. ஈரத் தோலை ஆள் உயரத்துக்கு அடுக்கி ஒரு பக்கம் சாய்த்துவிட்ட மாதிரி, அடுக்கின் மேல் அடுக்கு. ஆளுக்கு இவ்வளவு நீளம் என்று மேடம் பிரித்துக் கொடுத்துவிட்டு ரோட்டின் அடுத்த திருப்பத்துப் பக்கம் மற்றவர்களோடு போய்விட்டார்கள். இவளுக்கு மேற்குக் கடைசி.

அவள் முதலில் எழுதியது தேதி, நேரம், வானிலை, எந்த இடம் என்பது. பிறகு ஒரு சில்லை உடைத்து லென்ஸில் பார்த்தாள். வெளியே துரு நிறம், உள்ளே வெளுத்த ரோஜா நிறம், நடுத்தர மணல். மழைத்தண்ணீர் வெட்டிய ஒரு பள்ளத்தில் அடுக்குகளின் விளிம்பு தெரிந்தது. அங்கே டேப் பிடிக்க ஆள் வேண்டுமே? நான்தான் பிடித்தேன். நேராகத் தொங்கவிட்டேன். அடுக்குக்குக் குறுக்கே செங்குத்தாகப் பிடிக்கவேண்டும், தொங்கவிட்டால் கனம் ஜாஸ்தியாகக் காட்டும் என்றாள். சரிதான். ஒரு முறை சொன்னால் போதும் எனக்கு. நாற்பத்திரண்டு சென்டிமீட்டர், பதினெட்டு, அறுபது என்று நான் சொல்லச் சொல்ல எழுதினாள்.

அப்புறம் காம்பஸ். அதைப் படுக்கைவசமாக, மட்டம் பார்த்து, கல்லின் முகத்தில் விளிம்பு படும்படி வைத்தால் அடுக்கு எந்தத் திசையில் ஓடுகிறது என்று முள் காட்டும். அதையே நிமிர்த்திச் சரிவின் மேல் வைத்தால் உள்ளே தொங்கும் காட்டி எவ்வளவு சாய்வு என்று சொல்லும். திசை நாற்பத்திரண்டு டிகிரி, சாய்வு முப்பத்துநாலு. அடுத்த இடம் நாற்பத்தொன்று, முப்பத்துமூன்று. இரும்பு பக்கத்தில் இருந்தால் முள் ஏமாந்துவிடும் என்று சுத்தியலைக்கூட இருபதடி தள்ளி வைத்திருந்தாள். என்ன கவனம்!

உச்சி வெயிலில் பிள்ளை வேகுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவளுடைய பங்கின் கிழக்குப் பாதியில் கல்லை உரசினாற்போல் வேனைக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒரு கை அகலம்தான் இடைவெளி. அந்த மாதிரி ஒட்டி நிறுத்த எங்கள் ஜில்லாவில் இன்னொருத்தன் இல்லை. நிழல் விழுந்த சரிவில் உட்கார்ந்து மூன்று இடத்தில் திசையை அளந்தாள். ஐம்பத்தெட்டு, அறுபத்துமூன்று, அறுபத்தொன்று. காம்பஸோடு துள்ளி எழுந்தாள்.

“அண்ணா, இங்க அடுக்கு வளையுது. ஒருத்தரும் சொல்லல. நான் கண்டுபிடிச்சுட்டேன்.”

நானும் துள்ளினேன். நம்ம ஊர்ப் பெண் மலையின் வளைவையே பிடித்துவிட்டாளே! ‘அடுக்கு இங்கே வளைகிறது’ என்று இங்கிலீஷில் பேனாவால் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள்.

படம் வரைய ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனாள். வடக்குக்கு ஓர் அம்பு, அளவு தெரிய அடியில் ஒரு மீட்டர் கோடு, மேல் விளிம்பை இடமிருந்து வலமாக இழுத்தாள். பாதியில் பேனா நின்றது. திரும்பி ஓடிவந்து கல்லின் ஒரு கடைசியில் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடி விளிம்பு நெடுக நோக்கினாள். நானும் குனிந்து பார்த்தேன். நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. இருபது டிகிரி வளைவு எங்கே?

மணி மூன்று பத்து. சாய்வு எல்லா இடத்திலும் முப்பத்துமூன்று, முப்பத்துநாலுதான், திசை மட்டும் ஏன் அலைகிறது என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். எழுந்து, காம்பஸைக் கையில் ஏந்தியபடி வேனைப் பார்த்து ஒவ்வோர் அடியாக நடந்தாள். முள் மெல்லத் திரும்பிக்கொண்டே வந்தது. பின்னால் நகர்ந்தால் பழைய இடத்துக்குப் போயிற்று.

“அண்ணா, வண்டிய எடுங்க.”

“இன்னா பாப்பா, என் வண்டி இன்னா பண்ணுச்சு? இன்ஜினே ஆஃப்ல கீது.”

“ஓடினாலும் நின்னாலும் அது இரும்புதான்ணா. எடுங்க, ப்ளீஸ்.”

நாற்பது வருஷத்தில் நிறுத்திய இடத்தைத் தப்பு என்று என்னிடம் ஒருத்தரும் சொன்னதில்லை. ஆனாலும் வண்டியை எடுத்து அரை பர்லாங் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஓடிவந்தேன். அதே மூன்று இடம், இப்போது கொதிக்கிற வெயிலில். நாற்பத்திரண்டு. நாற்பத்துமூன்று. நாற்பத்திரண்டு. ஒவ்வொரு எண்ணையும் இரண்டு பேரும் சேர்ந்து வாய்விட்டுச் சொன்னோம். சாய்வு மாறவே இல்லை. தொங்குகிற காட்டிக்கு இரும்பைப் பற்றிக் கவலை இல்லையாம்.

பெருமையோடு எழுதிய வரி மட்டும் பேனா மையில் அப்படியே நின்றது. தாளின் ஓரத்தில் அவள் விரல் போனதை நான் பார்த்தேன். கிழித்துவிடுவாளோ என்று பயந்தேன். கிழிக்கவில்லை. எழுத்து தெரியும்படி ஒரே கோடு போட்டு அடித்தாள். பழைய மூன்று எண்ணையும் அப்படியே அடித்தாள். பக்கத்தில் வேன் ஒரு மீட்டருக்குள் நின்றது, அதனால் முள் விலகியது, வேனை அகற்றி மறுபடி அளந்தது என்று நேரத்தோடு எழுதினாள். படத்தில் வேன் நின்ற இடத்தில் ஒரு சிறிய கட்டமும் போட்டாள்.

நாலு மணிக்கு மேடம் வந்து நோட்டுகளை வாங்கி நின்றபடியே புரட்டினார்கள். அவளுடைய நோட்டில் நின்றார்கள். நெற்றி சுருங்கியது.

“வேனை இங்க யார் நிறுத்தினது?”

“நான்தாங்க மேடம். அந்தப் பொண்ணு சொல்லல. நானாத்தான் நிறுத்தினேன்.”

மேடம் என்னைப் பார்க்கக்கூட இல்லை. அவளைத்தான் பார்த்தார்கள்.

“சந்தேகம் எப்படி வந்தது?”

“படமும் எண்ணும் ஒத்துவரல மேடம். படத்த நம்பினேன்.”

மேடம் அந்தப் பக்கத்தை மற்றப் பிள்ளைகள் முன்னால் விரித்துப் பிடித்து, தப்பை இப்படித்தான் வைத்திருக்கவேண்டும் என்றார்கள். மே மாதத்துக்கு முதல் பெயர் அவளுடையது.

அவள் போனை எடுத்து அப்பாவுக்குப் போட்டாள். அந்தப் பக்கம் டிரம் சுற்றுகிற சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. மூன்று தரம் கத்திப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். டேனரிச் சத்தத்தில் எப்படிப் பேசவேண்டும் என்று எனக்குத் தெரியாதா? போனை வாயோடு ஒட்டவைத்துக்கொண்டு, உன் பெண் முகாமுக்குப் போகிறாள் என்று ரோடே திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். அவர் டிரம்மை நிறுத்திவிட்டு இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

சொன்னேன்.